ஒடியல் மாவுக்குக் கிளிக், மொட்டைக்கறுப்பனுக்கு ஓடர்: கோளாறு எங்கே?

அண்ணா, பூநகரியில் எங்கள் பெண்கள் குழு ஒடியல் மாவும் மொட்டைக்கறுப்பன் அரிசியும் பொதி செய்து சொந்த இணையத்தளத்தில் விற்கிறது. பேஸ்புக்கில் இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு மாதம் விளம்பரம் போட்டோம். ஒடியல் மாவுக்குக் கிளிக் விகிதம் 3 வீதம், ஆனால் வந்தது 6 ஓடர்தான். அரிசிக்குக் கிளிக் விகிதம் 0.6 வீதம், ஆனால் 9 ஓடர் வந்தது. வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கியவர்களை எண்ணவில்லை. அரிசி விளம்பரத்தை நிறுத்தச் சொல்கிறார் ஒருவர். இணையத்தளத்தையே புதிதாகச் செய்யச் சொல்கிறார் இன்னொருவர். அட்டவணைகளை அனுப்பியிருக்கிறேன். எதைத் திருத்துவது?

*

இரண்டு ஆலோசனைகளையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அரிசி விளம்பரத்தை நிறுத்த வேண்டியதில்லை. இணையத்தளத்தைப் புதிதாகச் செய்யவும் வேண்டியதில்லை. ஒடியல் மாவின் பெரிய கோளாறு பணம் செலுத்தும் பக்கத்தில் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. அரிசியின் கோளாறு, அந்த விளம்பரம் யார் கண்ணில் படுகிறது என்பதில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய அட்டவணைகளிலேயே இரண்டுக்கும் சான்று உண்டு. அவற்றை எப்படி வாசித்தேன் என்று சொல்கிறேன். அடுத்த மாதம் நீங்களே வாசித்துக்கொள்ளலாம்.

கிளிக் விகிதம் என்பது விளம்பரம் திரையில் தோன்றிய தடவைகளில் எத்தனை தடவை அதைத் தொட்டார்கள் என்ற கணக்கு. தொடுகிற நொடியில் அவர் உங்கள் இணையத்தளத்தைப் பார்த்திருக்கவில்லை. கூரியர் கட்டணம் எவ்வளவு, படிவம் எத்தனை வரி, பொருள் கையிருப்பில் உண்டா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அவர் கண்டது ஒரு படம், சில வரிகள், குழுவின் பெயர், விலை போட்டிருந்தால் விலை. ஆகவே இந்த எண் குறைந்திருந்தால் காரணத்தை விளம்பரத்துக்குள் தேட வேண்டும், அல்லது அதைப் பார்த்த ஆட்களிடம் தேட வேண்டும். இணையத்தளத்தில் எதை மாற்றினாலும் அது அசையாது.

கொள்வனவு விகிதம் அதற்குப் பிறகு தொடங்குகிறது. வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதே அது. விளம்பரத்தைத் தொடாமல் போனவர்கள் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. இந்த எண் குறைந்தால் பக்கம், விலை, கட்டணம், பணம் கொடுக்கும் முறை, நம்பிக்கை ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் இங்கே ஒரு விலக்கு உண்டு. யார் வந்தார்கள் என்பதைத் தீர்மானிப்பது விளம்பரம். தவறான ஆட்களை அழைத்து வந்துவிட்டு, அவர்கள் வாங்கவில்லை என்று பக்கத்தைக் குறை சொல்லக் கூடாது. இந்த விலக்கைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த இரண்டையும், கிளிக் செய்தவர்களில் பக்கத்துக்கு வந்துசேர்ந்தவர்களின் பங்கையும் பெருக்கினால்தான் ஓடர் வரும்:

```
ஓடர் = தோன்றிய தடவைகள் × கிளிக் விகிதம் × வந்துசேர்ந்த பங்கு × கொள்வனவு விகிதம்
```

உங்கள் ஒடியல் மா விளம்பரம் 42,000 தடவை தோன்றி 6 ஓடர் தந்தது. அரிசி விளம்பரம் 40,000 தடவை தோன்றி 9 ஓடர் தந்தது. பேஸ்புக் உங்களிடம் வாங்கியது, ஆயிரம் தடவை காட்டியதற்கு ஏறக்குறைய 300 ரூபாய். கிளிக் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கவில்லை. எனவே ஒடியல் மாவுக்கு 12,600 ரூபாயும் அரிசிக்கு 12,000 ரூபாயும் போயிருக்கிறது. ஓர் ஓடரைப் பிடிக்க மாவுக்கு 2,100 ரூபாய், அரிசிக்கு 1,333 ரூபாய். கிளிக் விகிதத்தில் ஐந்து மடங்கு முன்னால் நிற்கும் விளம்பரம்தான் அதிகம் செலவழிக்க வைத்திருக்கிறது. 6, 9 என்பவை சிறிய எண்கள்; அடுத்த மாதம் அவை இடம் மாறினாலும் ஆச்சரியமில்லை. ஆகையால் இந்த ஓடர் வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். முடிவு செய்யக்கூடிய எண்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலில் அந்த 3 வீதம். நீங்கள் எடுத்தது `CTR (all)` என்ற நிரல். விளம்பரத்தின் மேல் விழும் எல்லாத் தொடுகையும் அதில் சேரும். விருப்பம் போட்டது, ‘மேலும் காண்க’ என்பதைத் தொட்டு முழு வரிகளையும் விரித்தது, உங்கள் பக்கத்தின் பெயரைத் தொட்டது எல்லாம் அதற்குக் கிளிக்தான். நீங்கள் பார்க்க வேண்டியது `CTR (link click-through rate)`. இணையத்தளத்துக்குப் போகும் இணைப்பைத் தொட்டவர்கள் அதில்தான் இருக்கிறார்கள். ஒடியல் மாவுக்கு மொத்தக் கிளிக் 1,260. இணைப்பைத் தொட்டவை 620 மட்டும். அதாவது 1.5 வீதம். அரிசிக்கு மொத்தம் 240, இணைப்பு 200. அதாவது 0.5 வீதம். ஐந்து மடங்கு என்று தோன்றிய இடைவெளி மூன்று மடங்காகச் சுருங்கிவிட்டது.

மாவு விளம்பரத்தில் பாதிக் கிளிக் ஏன் பேஸ்புக்குக்குள்ளேயே நின்றுவிட்டது என்பதும் தெளிவு. ஆவி பறக்கும் கூழ்ப்பானை, நண்டுக்கால், இறால், பலாக்கொட்டை என்று அருமையான படம் போட்டிருக்கிறீர்கள். கீழே கூழ் காய்ச்சும் முறையைப் பத்து வரியில் எழுதியிருக்கிறீர்கள். வாசிக்க விரும்பியவர் விரித்தார், வாசித்தார், விருப்பம் போட்டார், போய்விட்டார். இதில் குற்றம் எதுவும் இல்லை. அந்தத் தொடுகைகளை வாடிக்கையாளர் வருகையாக எண்ணுவதுதான் பிழை.

அடுத்து, இணைப்பைத் தொட்ட 620 பேரும் வந்து சேர்ந்தார்களா? இல்லை. `Landing page views` என்ற நிரலில் 410 இருக்கிறது. பக்கம் உண்மையில் திறந்த தடவைகளை அது எண்ணுகிறது. மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட்டது. இந்த இழப்பு ஒருபோதும் பூச்சியமாக இராது. கை தவறித் தொட்டு உடனே திரும்புகிறவர்கள் எங்கும் உண்டு. ஆனால் அரிசிக்கு 200 தொடுகையில் 165 வந்து சேர்ந்திருக்கிறது. ஒரே இணையத்தளம், ஒரே மாதம். ஒன்றில் 34 வீதம் இழப்பு, மற்றதில் 18 வீதம் இழப்பு. இரண்டு பக்கங்களையும் திறந்து பார்த்தேன். மாவுப் பக்கத்தின் தலைப்பில் கிழங்கு பிளந்து காயவைக்கும் வீடியோ தானாக ஓடுகிறது; அதன் கீழே கைத்தொலைபேசியில் எடுத்தபடியே ஏற்றிய ஆறு படங்கள் இருக்கின்றன. அரிசிப் பக்கத்தில் ஒரு படம்தான். நல்ல சிக்னல் உள்ள கொழும்பு வீட்டில் இது தெரியாது. சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடக்கும் பஸ்ஸில் இருக்கிறவருக்கு வெள்ளைத் திரைதான் தெரியும்.

இந்த இழப்பு எந்த எண்ணில் போய் விழுகிறது என்று கவனியுங்கள். வந்து சேராத 210 பேரும் கிளிக்கில் எண்ணப்பட்டுவிட்டார்கள். ஓடரைக் கிளிக்கால் வகுத்தால் அவர்கள் எல்லோரும் ‘பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்கள்’ ஆகிவிடுவார்கள். பக்கத்தையே காணாதவர் விலையை வெறுத்துப் போனார் என்று எடுத்துக்கொள்வது போன்றது அது. எனவே கொள்வனவு விகிதத்தைக் கணக்கிடும்போது, வந்து சேர்ந்தவர்களால் வகுக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் மாவுக்கு 410 பேரில் 6, அதாவது 1.5 வீதம். அரிசிக்கு 165 பேரில் 9, அதாவது 5.5 வீதம். இப்போதும் மாவு பின்தங்கியே இருக்கிறது. இந்த வித்தியாசம் தற்செயலாக வருவதற்குக் கொஞ்சம் பெரியது.

இந்த இடத்தில்தான் பலரும் இணையத்தளத்தையே இடித்துக் கட்டப் புறப்படுகிறார்கள். கொள்வனவு விகிதம் குறைவு என்ற ஒரு எண் எந்தப் படியில் ஆட்கள் போனார்கள் என்பதைச் சொல்லாது. படியைத் தேட வேண்டும். உங்கள் தளத்தில் ஏற்கனவே பதிவாகும் நிகழ்வுகளில் `begin_checkout` என்று ஒன்று இருக்கிறது. பெயரும் முகவரியும் கேட்கும் பக்கத்துக்குள் நுழைந்தவர்களை அது எண்ணுகிறது. அதை வைத்து இரண்டு பொருள்களையும் அருகருகே வைத்தேன்.

ஒடியல் மா: வந்தவர்கள் 410, பணப் பக்கத்துக்குப் போனவர்கள் 41, முடித்தவர்கள் 6.

அரிசி: வந்தவர்கள் 165, பணப் பக்கத்துக்குப் போனவர்கள் 13, முடித்தவர்கள் 9.

இதை நிதானமாக வாசியுங்கள். மாவுப் பக்கத்துக்கு வந்தவர்களில் 10 வீதமானோர் வாங்கும் எண்ணத்துடன் பணப் பக்கம் வரை போயிருக்கிறார்கள். அரிசிக்கு அது 8 வீதம். அதாவது பொருளை விளக்கும் பக்கம்வரை மாவு அரிசிக்குச் சற்றும் குறையவில்லை. படம் பிழை, எழுத்துப் பிழை, பொருள்மேல் விருப்பமில்லை என்ற சந்தேகங்கள் எல்லாம் இங்கேயே விழுந்துவிடுகின்றன. விழுந்தது கடைசிப் படியில்: அரிசிக்கு 13 பேரில் 9 பேர் முடித்தார்கள், மாவுக்கு 41 பேரில் 6 பேர்தான் முடித்தார்கள்.

படிவம் நீளமா? இரண்டுக்கும் அதே படிவம்தான். பொதி கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் வசதி இரண்டுக்கும் உண்டு. வங்கிக் கணக்கில் வைப்புச் செய்யும் வழியும் இரண்டுக்கும் உண்டு. தளத்தின்மீது நம்பிக்கை இல்லையென்றால் அரிசி வாங்கியவர்களுக்கும் அது இருந்திருக்கும். எனவே இரண்டுக்கும் பொதுவான எதுவும் காரணமாக இருக்க முடியாது. வேறுபடும் ஒன்றைத்தான் தேட வேண்டும். நானே இரண்டையும் கூடையில் போட்டுக் கடைசிவரை போய்ப் பார்த்தேன். அரிசி 5 கிலோ பொதி 2,500 ரூபாய், கூரியர் கட்டணம் அதற்குள் அடங்கியிருக்கிறது. முதற்பக்கத்தில் கண்ட விலைதான் கடைசியிலும் இருந்தது. ஒடியல் மா அரைக் கிலோ 650 ரூபாய் என்று முதற்பக்கத்தில் இருக்கிறது. முகவரியை எல்லாம் எழுதி முடித்த பிறகு ‘கூரியர் 450’ என்று ஒரு வரி தோன்றுகிறது. மொத்தம் 1,100 ரூபாய். நான் சொன்ன ஒற்றை வரி இதுதான். 35 பேர் அந்த வரியைக் கண்டு திரும்பியிருக்கிறார்கள் என்பதே மற்ற எல்லாவற்றையும்விடப் பொருத்தமான விளக்கம்.

450 ரூபாய் பெரிய தொகை என்பதற்காக மட்டும் அவர்கள் போகவில்லை. 650 ரூபாய்ப் பொருளுக்கு 450 ரூபாய் அனுப்புகூலி என்பது கண்ணை உறுத்தும் விகிதம். அதைவிட, எல்லாம் எழுதிய பிறகு அது தோன்றியது என்பது மனத்தை உறுத்தும். அரிசிக்கும் கூரியர் கட்டணம் வாங்குபவர்தான் கொடுக்கிறார். ஆனால் முதலிலேயே தெரிந்துகொண்டு கொடுக்கிறார்.

திருத்தும் வழி: அரைக் கிலோ ஒன்றைத் தனியாக விற்பதை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மூன்று பொதிகளை ஒன்றாகக் கட்டி, ‘வீட்டுக்கு வந்துசேரும் விலை 2,400 ரூபாய்’ என்று விளம்பரத்திலும் முதற்பக்கத்திலும் எழுதுங்கள். கூரியர் ஒன்றரைக் கிலோவுக்கு என்ன கேட்கும் என்று பார்த்து இந்தத் தொகையைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒடியல் மா நன்றாகக் காய்ந்தால் மாதக்கணக்கில் இருக்கும் பொருள். மூன்று பொதி வாங்குவதில் வாங்குபவருக்குத் தயக்கம் அதிகம் இராது. உங்களுக்கும் இது தேவைப்படுகிறது. 650 ரூபாய் ஓடர் ஒன்றுக்கு விளம்பரச் செலவு 2,100 ரூபாய் என்றால் எந்த விகிதத்தைத் திருத்தினாலும் கணக்கு ஒப்பேறாது. 41 பேரில் 20 பேர் முடித்திருந்தால்கூட ஓடருக்கு 630 ரூபாய் ஆகியிருக்கும். ஒற்றைப் பொதிக்கு அது கட்டாது. மூன்று பொதிக்கு அதைத் தாங்கலாம்.

மாற்றியவுடன் ஒன்று நடக்கும், அதைக் கண்டு பயந்துவிடாதீர்கள். கிளிக் விகிதம் குறையும், ஏனென்றால் விலையைப் பார்த்துச் சிலர் தொடமாட்டார்கள். பணப் பக்கத்துக்குப் போகிறவர்களும் குறைவார்கள், ஏனென்றால் 2,400 ரூபாயைக் கண்டு சிலர் முன்னாலேயே திரும்பிவிடுவார்கள். இந்த இரண்டு எண்களும் இறங்குவது கோளாறின் அடையாளமல்ல; முன்பு கடைசிப் படியில் திரும்பியவர்கள் இப்போது முதற்படியில் திரும்புகிறார்கள். ஏற வேண்டியது கடைசிப் படிதான். அதோடு, செலவழித்த ஒவ்வோர் ஆயிரம் ரூபாய்க்கும் எத்தனை ஓடர் வந்தது என்ற கணக்கு ஏற வேண்டும்.

இனி அந்த விலக்கு. கொள்வனவு விகிதம் குறைந்தும் குற்றம் விளம்பரத்தில் இருப்பது எப்போது? முல்லைத்தீவில் கருவாடு விற்கும் ஒருவர் ‘பாதி விலை’ என்று பெரிதாக எழுதி விளம்பரம் போட்டிருந்தார். பாதி விலை 5 கிலோவுக்கு மேல் வாங்குவோருக்கு மட்டுந்தான். அது பக்கத்தில்தான் எழுதியிருந்தது. கிளிக் குவிந்தது, ஆனால் வந்தவர்கள் முதற்பக்கத்திலேயே திரும்பிவிட்டார்கள், பணப் பக்கம்வரை போனவர் அபூர்வம். விளம்பரம் தந்த வாக்கைப் பக்கம் காப்பாற்றாவிட்டால் ஆட்கள் வாசலிலேயே போய்விடுவார்கள் என்பதால் அப்படித்தான் இருக்கும். உங்கள் கூழ்ப்படம் மாவு விற்கும் பக்கத்துக்குக் கூட்டிவருகிறதே, அது பொருந்தாத வாக்கோ என்று எனக்கும் முதலில் சந்தேகம் வந்தது. அப்படியிருந்தால் 410 பேரில் 41 பேர் பணப் பக்கம்வரை போயிருக்கமாட்டார்கள். கூழ்ப்படத்தை அப்படியே வைத்திருங்கள். பக்கத்தில் ஒரு பொதி மாவும் தெரியும்படி எடுத்தால் இன்னும் நல்லது.

இப்போது அரிசிக்கு வருகிறேன். அதன் கொள்வனவு விகிதம் நன்றாக இருக்கிறது, வந்தவர்கள் வாங்குகிறார்கள். கிளிக் விகிதம்தான் மெலிந்திருக்கிறது. இதைக் கண்டு உடனே படத்தை மாற்றுவார்கள். சாக்கு ஒன்றின் படம் கவர்ச்சியாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் படத்தைத் தொடுவதற்கு முன், யார் பார்த்தார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பேஸ்புக் விளம்பர அட்டவணையின் `Breakdown` என்ற பொத்தானில் `Region` என்று எடுத்தால் மாகாண வாரியாக வரும். நீங்கள் அனுப்பியதில் இப்படி இருக்கிறது.

வட மாகாணத்தில் 10,000 தடவை தோன்றி 130 கிளிக், 1.3 வீதம். மேல் மாகாணத்தில் 26,000 தடவை தோன்றி 52 கிளிக், 0.2 வீதம். மற்ற மாகாணங்களில் 4,000 தடவைக்கு 18 கிளிக்.

0.5 வீதம் என்ற சராசரி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கூட்டங்களைக் கலந்து வந்தது. விளம்பரத்தை ‘இலங்கை முழுவதும்’ என்று விட்டிருக்கிறீர்கள். பேஸ்புக் ஆட்கள் அதிகமுள்ள மேல் மாகாணத்துக்கு அதைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது. அங்கே பெரும்பாலானோர் தமிழ் வாசிப்பவர்கள் அல்லர். ‘பூநகரி மொட்டைக்கறுப்பன்’ என்ற எழுத்து அவர்களுக்கு எதையும் சொல்லாது. விரலால் தள்ளிவிட்டுப் போவார்கள். எவ்வளவு அழகான படம் போட்டாலும் இந்த 26,000 தடவைகளில் பெரும்பகுதி வீண்தான்.

அப்படியானால் மேல் மாகாணத்தை நீக்கிவிடலாமா? இங்கே அவசரப்படாதீர்கள். ஓடர்ப் புத்தகத்தின் முகவரிகளைப் பாருங்கள்: 9 ஓடரில் 5 வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் போயிருக்கிறது, 3 வடக்குக்கு, 1 மட்டக்களப்புக்கு. மிகக் குறைந்த கிளிக் விகிதம் உள்ள மாகாணமே மிக நன்றாக வாங்கியிருக்கிறது: 52 கிளிக்குக்கு 5 ஓடர். வடக்கில் 130 கிளிக்குக்கு 3 ஓடர். காரணம் யோசித்தால் புரியும். யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ இருப்பவர் விளம்பரத்தை ஆசையுடன் தொடுவார். அது அவர் அறிந்த அரிசி. ஆனால் சந்தையிலோ உறவினர் வழியிலோ அதை வாங்கிக்கொள்ள அவருக்கு வழியிருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் இருக்கும் பூநகரிக்காரருக்கு உங்கள் பொதியை விட்டால் வேறு வழி குறைவு. கிளிக் விகிதத்தை மட்டும் பார்த்து மேல் மாகாணத்தை வெட்டியிருந்தால் உங்கள் உண்மையான வாடிக்கையாளரை வெட்டியிருப்பீர்கள். ஐந்து ஓடர் என்பது மிகச் சிறிய எண் என்பதையும் மறக்கவில்லை; ஆனால் அதைத் தொடர்ந்து பார்ப்பதற்கு அது போதும்.

எனவே மேல் மாகாணத்தை விட்டுவிடாமல் அதற்குள் குறுக்குங்கள். இடத்தைத் தெரிவு செய்யும் பகுதியில் வரைபடத்தில் குறி வைத்துச் சுற்றளவு கொடுக்க முடியும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குறி வைத்துச் சிறிய வட்டமாக எடுங்கள். மொழித் தெரிவில் தமிழை மட்டும் எடுக்கத் தோன்றும். அதைக் கவனமாகப் பயன்படுத்துங்கள்; பேஸ்புக்கை ஆங்கிலத்தில் வைத்திருக்கும் தமிழர் கொழும்பில் ஏராளம், அவர்கள் விடுபட்டுப்போகக்கூடும். வடக்கைத் தனி விளம்பரத் தொகுதியாக, சிறிய தொகையுடன் வைத்திருங்கள். இரண்டையும் ஒரே தொகுதியில் கலந்தால் திரும்பவும் சராசரிதான் கிடைக்கும்.

குறுக்கிய பிறகும் வெள்ளவத்தை வட்டத்தில் கிளிக் விகிதம் ஏறவில்லை என்றால், அப்போது படத்தில் கை வையுங்கள். சாக்குக்குப் பதிலாகச் சமைத்த சிவப்புச் சோறும், பொதியின் எடையும் விலையும் தெரியும் படமும் போடலாம். ஆட்களையும் படத்தையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று பிறகு சொல்ல முடியாது. சிறிய வட்டத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: `Frequency`. ஒருவருக்குச் சராசரியாக எத்தனை தடவை காட்டப்பட்டது என்ற எண் அது. அது வாரம்தோறும் ஏறிக்கொண்டும் கிளிக் விகிதம் இறங்கிக்கொண்டும் இருந்தால், விளம்பரம் கெட்டுப்போகவில்லை. அதே ஆட்கள் அதையே திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். அப்போது படத்தை மாற்றலாம், அல்லது இரண்டு வாரம் நிறுத்திவைக்கலாம்.

வாட்ஸ்அப் ஓடர்களை எண்ணவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சிறிய விடயமல்ல. நம் ஆட்களில் பலர், குறிப்பாக வயதானவர்கள், படிவத்தில் எழுதமாட்டார்கள். தொலைபேசி எண்ணைக் கண்டால் அழைப்பார்கள், அல்லது ஒரு குரல்பதிவு அனுப்புவார்கள். கூரியர் வரியைக் கண்டு திரும்பிய 35 பேரில் சிலர் வாட்ஸ்அப்பில் வந்து பேரம் பேசி வாங்கியிருக்கக்கூடும். அப்படியானால் மாவின் கொள்வனவு விகிதம் நீங்கள் நினைப்பதைவிட நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் உள்ள வாட்ஸ்அப் பொத்தானுக்கு வேறு வேறு முன்னெழுத்து வைத்துவிடுங்கள்:

```
https://wa.me/947XXXXXXXX?text=Odiyal
https://wa.me/947XXXXXXXX?text=Arisi
```

உங்கள் எண்ணின் முதல் 0 ஐ எடுத்துவிட்டு, முன்னால் `94` போட்டு, கூட்டல் குறியும் இடைவெளியும் இல்லாமல் எழுத வேண்டும். பொத்தானைத் தொடுகிறவரின் செய்தியில் அந்தச் சொல் தானாக நிற்கும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று தெரிந்துவிடும். தொலைபேசியில் அழைப்பவரிடம் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு ஓடர்ப் புத்தகத்தில் ஒரு எழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஓடர் எண்ணிக்கையை எப்போதும் அந்தப் புத்தகத்திலிருந்தே எடுங்கள். பேஸ்புக்கின் சொந்தக் கணக்கு வழமையாக, கிளிக் செய்து ஏழு நாளுக்குள் வாங்கியவரையும், கிளிக் செய்யாமல் பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கியவரையும் சேர்த்துக்கொள்ளும். அதோடு புத்தகத்தில் திரும்பி வந்த பொதிகளுக்கும் ஒரு நிரல் வையுங்கள். பொதி கைக்கு வந்தபின் பணம் என்ற முறையில், ஓடர் போட்டவர் வாசலில் வாங்க மறுத்தால் போன செலவும் வந்த செலவும் உங்கள் தலையில்தான்.

செய்யும் ஒழுங்கைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் மாவின் விலையையும் கூரியர் வரியையும் திருத்துங்கள்; அது ஒரு பின்னேர வேலை. வீடியோவை எடுத்துவிட்டு, படங்களை ஒவ்வொன்றும் 200 கிலோபைட்டுக்குள் சுருக்கி ஏற்றுங்கள். அதுவும் அன்றைக்கே முடியும். இந்த இரண்டையும் ஒரே நாளில் மாற்றலாம், ஏனென்றால் அவை வேறு வேறு படிகளில் தெரியும்: ஒன்று தொட்டவர்களில் எத்தனை பேர் வந்துசேர்ந்தார்கள் என்பதில், மற்றது பணப் பக்கத்துக்குப் போனவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதில்.

பலன் தெரிய எவ்வளவு காத்திருக்க வேண்டும்? மொத்தக் கொள்வனவு விகிதம் 1.5 வீதத்திலிருந்து 2 வீதமாக ஏறியதா என்று பார்க்கப் போனால் ஆயிரக்கணக்கான வருகைகள் வேண்டும். உங்கள் தொகைக்கு அது பல மாதம். ஆனால் கடைசிப் படியை மட்டும் பார்த்தால் விரைவில் தெரிந்துவிடும். இப்போது 41 பேரில் 6 பேர் முடிக்கிறார்கள். திருத்திய பிறகு பணப் பக்கத்துக்குப் போகும் முதல் 40 பேரில் 20 பேர் முடித்தால் அது தற்செயல் அல்ல; கூரியர் வரிதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். 9 பேர்தான் முடித்தார்கள் என்றால் அது தற்செயலாகவும் இருக்கலாம்; இன்னும் 40 பேர்வரை பொறுங்கள். அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் என் கணிப்புப் பிழை. அப்போது திரும்பிப் போனவர்களில் தொலைபேசி எண்ணை எழுதிவிட்டுப் போனவர்கள் சிலர் இருப்பார்கள்; உங்கள் குழுவில் பேசத்தெரிந்த ஒருவர் அவர்களில் ஐந்தாறு பேரை அழைத்து, பொதி வேண்டாம் என்று ஏன் நினைத்தீர்கள் என்று கேட்கட்டும். அவர்கள் சொல்வதை எழுதி எனக்கு அனுப்புங்கள்.